ஸ்ட்ரைக், ஸ்பேர், போனஸ் பந்து: பவுலிங் ஸ்கோரைக் கையால் போடுவது எப்படி?

பந்தை உருட்டிப் பத்து பின்களை வீழ்த்தும் பவுலிங் ஆட்டத்தின் அரங்குகளில் இப்போது கணினியே ஸ்கோர் போட்டுவிடுகிறது. அதனால் பல மாதங்களாக விளையாடுகிறவர்களுக்குக்கூடத் தங்கள் 143 எப்படி வந்தது என்று தெரிவதில்லை. எங்கள் குழுவின் ஆட்டம் ஒன்றில் பாதியில் கணினி நின்றுபோய், மீதியைத் தாளில் எழுத வேண்டியதாயிற்று. எட்டு பேர் உட்கார்ந்து கூட்டினோம். ஒரே ஆட்டத்துக்கு நான்கு விதமான விடை வந்தது. அதன் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கை நான்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எல்லாரும் தடுமாறுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். அந்த இடங்களில் நின்று விளக்கவே இதை எழுதுகிறேன். ஒரு முழு ஆட்டத்தையும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை போட்டுப் பார்க்கப் போகிறோம். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது.

## 1. தாளைத் தயார் செய்வது

ஓர் ஆட்டம் என்பது பத்து ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமின் தொடக்கத்திலும் பத்து பின்கள் நிற்கும். அவற்றை வீழ்த்த அதிகபட்சம் இரண்டு பந்துகள் கிடைக்கும்.

தாளில் பத்து பெரிய கட்டங்களைப் பக்கம் பக்கமாக வரையுங்கள். முதல் ஒன்பது கட்டங்களின் மேல்பகுதியில் இரண்டு இரண்டு சிறு கட்டங்கள் போடுங்கள். பத்தாவதில் மட்டும் மூன்று. ஆக மொத்தம் 21 சிறு கட்டங்கள். சிறு கட்டத்தில் அந்தப் பந்தில் நடந்தது வரும். கீழே உள்ள பெரிய இடத்தில் அதுவரை சேர்ந்த மொத்தம் வரும்.

குறிகள் சில மட்டுமே. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக், `X`. முதல் பந்தில் மிச்சமானதை இரண்டாவது பந்து முழுவதுமாக வீழ்த்தினால் ஸ்பேர், `/`. ஒரு பின்னும் விழாவிட்டால் `-`. கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஃபவுல், `F`. அந்தப் பந்துக்குப் பூஜ்யம். மற்றபடி விழுந்த பின்களின் எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும். இரண்டு பந்து போட்டும் பின்கள் மிச்சம் நின்றால் அதற்கு ஓபன் ஃப்ரேம் என்று பெயர்.

சில தாள்களிலும் திரைகளிலும் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். பின்கள் பிரிந்து நிற்கும் ஸ்பிளிட்டைக் காட்டும் குறி அது. கணக்கில் அதனால் எந்த மாற்றமும் இல்லை.

## 2. கூட்டலைத் தள்ளிவையுங்கள், முதலில் பந்துகளை வரிசையாக எழுதுங்கள்

புதியவர்கள் முதல் ஃப்ரேம் முடிந்ததும் கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஸ்ட்ரைக் வந்த இடத்தில் 10 என்று எழுதிவிட்டு, பிறகு அதை அடித்து 17 ஆக்கி, அதையும் அடிக்கிறார்கள். ஐந்தாவது ஃப்ரேமுக்குள் தாள் முழுக்கக் கிறுக்கல்.

நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை வேறு. முதலில் குறிகளை மட்டும் எழுதுங்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியில் ஒவ்வொரு பந்துக்கும் விழுந்த பின்களை வெறும் எண்ணாக, ஃப்ரேம் பிரிக்காமல் எழுதுங்கள். இதோ நாம் போடப்போகும் ஆட்டத்தின் குறிகள்:

```
7 2 | 8 / | X | X | 6 3 | 9 / | - / | X | 9 / | X 8 /
```

இதையே பந்து வரிசையாக மாற்றினால்:

```
7 2 8 2 10 10 6 3 9 1 0 10 10 9 1 10 8 2
```

பதினெட்டு பந்துகள். இந்த இரண்டாவது வரிதான் முழுக் கணக்குக்கும் அடிப்படை. போனஸ் என்று வரும்போதெல்லாம் இந்த வரியில் விரல் வைத்து அடுத்த எண்ணையோ அடுத்த இரண்டு எண்களையோ எடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டிய இடம் ஸ்பேர். `8 /` என்றால் முதல் பந்தில் 8, இரண்டாவதில் 2. `/` என்ற குறிக்கு 10 என்று எழுதிவிடக் கூடாது. அந்த இரண்டாவது பந்து வீழ்த்தியது இரண்டே பின்கள்தான். `9 /` என்றால் 9, 1. `- /` என்றால் 0, 10. இந்த ஒரு மாற்றத்தில் பிசகினால் பின்னால் ஸ்ட்ரைக் போனஸ் முழுதும் தப்பாகும். அது எப்படி என்று ஏழாவது பகுதியில் எட்டாவது ஃப்ரேமுக்கு வரும்போது பார்ப்போம்.

அந்த `- /` ஏன் ஸ்ட்ரைக் இல்லை என்று பலர் கேட்பார்கள். பத்து பின்னும் ஒரே பந்தில்தானே விழுந்தது? விழுந்தது உண்மை, ஆனால் இரண்டாவது பந்தில் விழுந்தது. முதல் பந்தில் பத்தும் விழுந்தால்தான் ஸ்ட்ரைக். முதல் பந்து ஓரத்துக் குழிக்குள் போனாலும் சரி, ஃபவுல் ஆனாலும் சரி, அந்த ஃப்ரேமில் அதன் பிறகு கிடைக்கக்கூடியது ஸ்பேர்தான்.

## 3. போனஸ் என்பது என்ன

போனஸ் என்ற சொல்லே பலரைக் குழப்புகிறது. ஏதோ நிலையான பரிசுப் புள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்ட்ரைக்குக்கு 20, ஸ்பேருக்கு 15 என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பி வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி எந்த எண்ணும் கிடையாது.

நடப்பது இதுதான். ஸ்பேர் அடித்தால் அந்த ஃப்ரேமுக்கு 10, அதோடு அடுத்த ஒரு பந்தில் விழும் பின்கள். ஸ்ட்ரைக் அடித்தால் 10, அதோடு அடுத்த இரண்டு பந்துகளில் விழும் பின்கள். பிறகு போடும் பந்தை முந்தைய ஃப்ரேமும் ஒருமுறை கூட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பந்து தன் சொந்த ஃப்ரேமில் எண்ணப்படுவது இதனால் நின்றுபோவதில்லை. முந்தைய ஃப்ரேம் அதைக் கடன் வாங்கவில்லை. இரண்டு இடத்திலும் அது முழுசாகச் சேரும். "போன ஃப்ரேமுக்குக் கொடுத்துவிட்டோமே, இங்கே மறுபடி எழுதலாமா" என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தாராளமாக எழுதலாம், எழுதத்தான் வேண்டும்.

ஸ்ட்ரைக்குக்கு இரண்டு பந்து, ஸ்பேருக்கு ஒன்று என்பதை நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. 10 புள்ளி தரும் எந்த ஃப்ரேமும் கடைசியில் மூன்று பந்துகளின் கூட்டல்தான். ஸ்பேரில் இரண்டு பந்துகள் ஏற்கெனவே போட்டாகிவிட்டன, அதனால் இன்னும் ஒன்று. ஸ்ட்ரைக்கில் ஒன்றுதான் போட்டிருக்கிறோம், அதனால் இன்னும் இரண்டு. ஓபன் ஃப்ரேம் மட்டும் இரண்டு பந்தோடு நின்றுவிடும்.

## 4. ஸ்பேரைக் கூட்டுவது

ஸ்பேர் முடிந்ததும் கீழ்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த ஃப்ரேமின் முதல் பந்து விழுந்த பிறகு எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: `8 /`, அடுத்த ஃப்ரேம் `6 3`. ஸ்பேருக்கு 10 + 6 = 16. அடுத்த ஃப்ரேமுக்கு 6 + 3 = 9. இரண்டும் சேர்ந்து 25. இதில் 3 என்பது ஸ்பேரில் சேராது. அடுத்த ஃப்ரேமின் மொத்தமான 9-ஐயும் எடுத்து 19 என்று எழுதுவது வழக்கமான தவறு. ஸ்பேருக்கு ஒரு பந்துதான் போனஸ், ஒரு ஃப்ரேம் இல்லை.

இன்னொன்று. முதல் பந்தில் 8 விழுந்ததா 3 விழுந்ததா என்பது ஸ்பேரின் மதிப்பை மாற்றாது. `3 /` என்றாலும் `9 /` என்றாலும் 10-தான் அடிப்படை. மதிப்பை முடிவுசெய்வது அடுத்த பந்து. அதனால் ஒரு ஸ்பேர் ஃப்ரேம் 10-க்குக் கீழே போகாது, 20-க்கு மேலேயும் போகாது.

## 5. ஸ்ட்ரைக்கைக் கூட்டுவது

ஸ்ட்ரைக் வந்தால் அந்த ஃப்ரேமில் இரண்டாவது பந்து இல்லை. இரண்டாவது சிறு கட்டம் காலியாகவே இருக்கும். கீழ்க் கட்டமும் அடுத்த இரண்டு பந்துகள் முடியும்வரை காலிதான்.

ஸ்ட்ரைக்குக்குப் பின் `6 3` வந்தால் 10 + 6 + 3 = 19. ஸ்ட்ரைக்குக்குப் பின் `9 /` வந்தால் 10 + 9 + 1 = 20. இந்த இரண்டு எடுத்துக்காட்டிலும் அடுத்த இரண்டு பந்துகள் ஒரே ஃப்ரேமுக்குள் அடங்கிவிட்டன. அதனால்தான் "ஸ்ட்ரைக்குக்கு அடுத்த ஃப்ரேமைக் கூட்டு" என்று பலர் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். ஸ்ட்ரைக் ஒற்றையாகவே வந்துகொண்டிருக்கும்வரை அது பலிக்கும். இரண்டு ஸ்ட்ரைக் சேர்ந்து வந்த அன்று கைவிட்டுவிடும்.

## 6. அடுத்தடுத்து ஸ்ட்ரைக் வந்தால்

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்ட்ரைக்குக்கு அடுத்த ஃப்ரேமும் ஸ்ட்ரைக் என்றால், அந்த அடுத்த ஃப்ரேமில் ஒரே ஒரு பந்துதான் இருக்கிறது. போனஸுக்கு இரண்டு பந்து தேவை. எனவே இரண்டாவது போனஸ் பந்து அதற்கும் அடுத்த ஃப்ரேமின் முதல் பந்து.

பந்து வரிசையில் பாருங்கள்: 10, 10, 6, 3. முதல் 10-க்கு அடுத்த இரண்டு எண்கள் 10, 6. ஆகவே 26. இரண்டாவது 10-க்கு அடுத்த இரண்டு எண்கள் 6, 3. ஆகவே 19. பிறகு அந்த 6 + 3 தன் சொந்த ஃப்ரேமில் 9.

அந்த 6-ஐ மட்டும் கவனியுங்கள். முதல் ஸ்ட்ரைக்கில் ஒருமுறை, இரண்டாவது ஸ்ட்ரைக்கில் ஒருமுறை, சொந்த ஃப்ரேமில் ஒருமுறை என மூன்று முறை எண்ணப்பட்டது. 3 இரண்டு முறை எண்ணப்பட்டது. இரண்டு ஸ்ட்ரைக் அடித்த பிறகு போடும் பந்துக்கு ஏன் அத்தனை பதற்றம் என்பது இதில் புரியும்: அந்தப் பந்தில் விடுபடும் ஒவ்வொரு பின்னும் மூன்று புள்ளி.

மூன்று ஸ்ட்ரைக் தொடர்ந்தால் முதல் ஸ்ட்ரைக்குக்கு 10 + 10 + 10 = 30. ஒரு ஃப்ரேமின் உச்சம் இதுதான். நான்காவது ஸ்ட்ரைக் வந்தாலும் முதல் ஃப்ரேம் 30-க்கு மேல் ஏறாது, ஏனென்றால் அதன் இரண்டு போனஸ் பந்துகளும் தீர்ந்துவிட்டன.

## 7. முழு ஆட்டத்தையும் கூட்டிப் பார்ப்போம்

நம் பந்து வரிசையை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை, அதுவரை மொத்தம் எத்தனை என்று எழுதிக்கொண்டே போவோம்.

முதல் ஃப்ரேம் `7 2`. ஓபன். 9. மொத்தம் 9.

இரண்டாவது `8 /`. அடுத்த பந்து ஸ்ட்ரைக், அதாவது 10. 10 + 10 = 20. மொத்தம் 29.

மூன்றாவது `X`. அடுத்த இரண்டு பந்துகள் 10, 6. இதற்கு 26. மொத்தம் 55. இதை எழுத ஐந்தாவது ஃப்ரேமின் முதல் பந்துவரை காத்திருக்க வேண்டும். கணினித் திரையில் மூன்றாவது ஃப்ரேம் நீண்ட நேரம் காலியாகத் தெரிவதும் இதனால்தான்.

நான்காவது `X`. அடுத்த இரண்டு பந்துகள் 6, 3. இதற்கு 19. மொத்தம் 74.

ஐந்தாவது `6 3`. 9. மொத்தம் 83.

ஆறாவது `9 /`. அடுத்த பந்து `-`, பூஜ்யம். 10 + 0 = 10. மொத்தம் 93. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். ஏழாவது ஃப்ரேமில் கடைசியில் பத்து பின்னும் விழுந்துவிட்டதால் ஆறாவதுக்கு 20 என்று எழுதுவார்கள். ஆனால் பத்தும் விழுந்தது இரண்டாவது பந்தில். ஆறாவது ஃப்ரேமின் போனஸ் பந்து அதற்கு முன்பே, ஒன்றும் விழாமல், முடிந்துவிட்டது.

ஏழாவது `- /`. அடுத்த பந்து ஸ்ட்ரைக். 10 + 10 = 20. மொத்தம் 113. இந்த ஃப்ரேமை `X` என்று எழுதியிருந்தால் போனஸ் இரண்டு பந்தாகி, 10 + 10 + 9 = 29 ஆகியிருக்கும். ஆறாவதும் 10-லிருந்து 20 ஆகியிருக்கும். ஒரே ஒரு குறியைத் தப்பாக எழுதினால் 19 புள்ளி கூடிப்போகிறது.

எட்டாவது `X`. அடுத்த இரண்டு பந்துகள் 9, 1. 10 + 9 + 1 = 20. மொத்தம் 133. இரண்டாவது பகுதியில் சொன்ன பிசகு வரும் இடம் இது. `/` குறியை 10 என்று எடுத்தால் 10 + 9 + 10 = 29 வரும். எங்கள் எட்டு பேரில் மூன்று பேர் இப்படித்தான் கூட்டியிருந்தார்கள்.

ஒன்பதாவது `9 /`. அடுத்த பந்து, பத்தாவது ஃப்ரேமின் முதல் பந்து, ஸ்ட்ரைக். 10 + 10 = 20. மொத்தம் 153. பத்தாவதில் அதற்குப் பின் விழுந்த 8, 2 இங்கே வராது.

பத்தாவது `X 8 /`. 10 + 8 + 2 = 20. மொத்தம் 173.

இதுதான் ஆட்டத்தின் ஸ்கோர். கடைசி ஃப்ரேமை ஏன் இவ்வளவு எளிதாகக் கூட்டி முடித்தோம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

## 8. பத்தாவது ஃப்ரேம்

ஒன்பதாவது ஃப்ரேம்வரை போனஸ் பந்து என்பது அடுத்த ஃப்ரேமின் பந்து. பத்தாவதுக்கு அடுத்த ஃப்ரேம் இல்லை. அங்கே ஸ்ட்ரைக்கோ ஸ்பேரோ வந்தால் போனஸ் பந்துக்கு எங்கே போவது? அதற்காகவே கூடுதல் பந்து தருகிறார்கள். முதல் பந்தில் ஸ்ட்ரைக் என்றால் இன்னும் இரண்டு. இரண்டு பந்தில் ஸ்பேர் என்றால் இன்னும் ஒன்று. ஓபன் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

இந்தக் காரணம் மனதில் பதிந்துவிட்டால் கூட்டலில் குழப்பம் வராது. கூடுதல் பந்துகள் பத்தாவது ஃப்ரேமின் போனஸை நிரப்பவே போடப்படுகின்றன. அவற்றுக்கென்று தனி ஃப்ரேம் கிடையாது. அதனால் பத்தாவதின் கணக்கில் அவை ஒருமுறைதான் சேரும். மூன்று சிறு கட்டங்களில் உள்ளதைக் கூட்டினால் அதுவே பத்தாவது ஃப்ரேமின் புள்ளி.

`X X X` என்றால் 30. `X X 7` என்றால் 27. `X 7 2` என்றால் 19. `X 8 /` என்றால் 20. `7 / X` என்றால் 20. `7 / 4` என்றால் 14.

பத்தாவதில் இரண்டாவது பந்தும் ஸ்ட்ரைக் ஆனால் அதற்கும் போனஸ் போட்டு 10 + 10 + 10, பிறகு 10 + 10 என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. முதல் ஸ்ட்ரைக்குக்கு மட்டுமே போனஸ். பின்னால் வரும் `X` வெறும் 10 பின்கள்.

பின்கள் எப்போது மறுபடி அடுக்கப்படும் என்பதும் கேட்கப்படும் கேள்வி. ஸ்ட்ரைக்குக்குப் பிறகும் ஸ்பேருக்குப் பிறகும் புதிதாகப் பத்து பின் வரும். `X 8` என்று வந்த பிறகு அடுக்கமாட்டார்கள். மிச்சமுள்ள 2 பின்னை நோக்கித்தான் மூன்றாவது பந்து.

பத்தாவதின் பந்துகள் முந்தைய ஃப்ரேம்களுக்கும் போகும் என்பதை மறக்க வேண்டாம். ஒன்பதாவது ஸ்ட்ரைக், பத்தாவது `X 7 /` என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாவதுக்குப் பத்தாவதின் முதல் இரண்டு பந்துகள் மட்டும்: 10 + 10 + 7 = 27. மூன்றாவது பந்து அங்கே சேராது. பத்தாவது தன் கணக்கில் 10 + 7 + 3 = 20. எட்டாவதும் ஒன்பதாவதும் இரண்டுமே ஸ்ட்ரைக் என்றால் பத்தாவதின் முதல் பந்து எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் சேரும்.

முழுமையான ஆட்டம் எனப்படும் 300-க்குப் பன்னிரண்டு ஸ்ட்ரைக் ஏன் தேவை என்பதும் இதிலிருந்து கிடைக்கிறது. பத்து ஃப்ரேமுக்குப் பத்து, கடைசி ஃப்ரேமின் போனஸுக்கு இரண்டு. ஒவ்வொரு ஃப்ரேமும் 30, மொத்தம் 300.

## 9. விடை சரியா என்று பார்ப்பது

கூட்டி முடித்ததும் இரண்டு சோதனைகள் செய்கிறேன். முதலாவது, ஃப்ரேம்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. ஓபன் ஃப்ரேம் 9-ஐத் தாண்டவே முடியாது. ஸ்பேர் 10 முதல் 20. ஸ்ட்ரைக்கில் இரண்டு வகை: அடுத்த ஃப்ரேம் ஸ்ட்ரைக் இல்லையென்றால் 10 முதல் 20-க்குள், அடுத்ததும் ஸ்ட்ரைக் என்றால் 20 முதல் 30-க்குள். நம் ஆட்டத்தின் எட்டாவது ஃப்ரேமுக்கு யாராவது 29 எழுதியிருந்தால் இந்தச் சோதனையிலேயே மாட்டிவிடும். தனி ஸ்ட்ரைக் ஒன்று 20-ஐத் தாண்ட வழியே இல்லை.

இரண்டாவது, பின்களையும் போனஸையும் தனித்தனியாகக் கூட்டுவது. பந்து வரிசையில் உள்ள பதினெட்டு எண்களையும் கூட்டினால் 108. பிறகு போனஸ் மட்டும்: இரண்டாவது ஃப்ரேமுக்கு 10, மூன்றாவதுக்கு 16, நான்காவதுக்கு 9, ஆறாவதுக்கு 0, ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவதுக்குத் தலா 10. சேர்த்தால் 65. 108 + 65 = 173. பத்தாவதுக்கு இங்கே போனஸ் எழுதக் கூடாது. அதன் கூடுதல் பந்துகள் 108-க்குள் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் நம்பலாம்.

கை பழகுவதற்கு விடை தெரிந்த ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள். இருபத்தொரு பந்திலும் 5 விழுந்தால், எல்லா ஃப்ரேமும் ஸ்பேர், ஒவ்வொன்றும் 15, மொத்தம் 150. ஸ்ட்ரைக், ஸ்பேர், ஸ்ட்ரைக், ஸ்பேர் என்று கடைசிப் பந்துவரை மாறி மாறி வந்தால் சரியாக 200. எதில் தொடங்கினாலும் 200-தான். உங்களுக்கு வேறு எண் வந்தால் பெரும்பாலும் பத்தாவது ஃப்ரேமில்தான் சிக்கல் இருக்கும்.

## 10. எந்தப் பின்னை எண்ணுவது

கணக்கு சரியாக இருந்தாலும் எழுதிய எண் தவறாக இருந்தால் பயனில்லை. லேனில் நின்று எழுதும்போது இவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இடம் நகர்ந்து, ஆனால் விழாமல் நிற்கும் பின் விழுந்ததாகாது. ஓரத்துக் குழிக்குள் இறங்கிய பந்து எகிறி மேலே வந்து பின்னைத் தட்டினால் அதுவும் சேராது. பின்புறத் தடுப்பில் மோதித் திரும்பிய பந்து வீழ்த்தியதும் அப்படியே. ஆனால் ஒரு பின் பக்கச் சுவரில் மோதித் திரும்பி வந்து இன்னொரு பின்னை வீழ்த்தினால் அது செல்லும். பின்களை அடுக்கும் இயந்திரம் தட்டிவிட்டது சேராது.

ஃபவுலில் விழுந்த பின்கள் கணக்கில் வராது என்று சொன்னேன். முதல் பந்தில் ஃபவுல் என்றால் பத்து பின்னையும் மறுபடி அடுக்குவார்கள். இரண்டாவது பந்தில் பத்தும் விழுந்தால் `F /`, அதாவது ஸ்பேர். போனஸ் எடுக்கும்போது அந்த `F` 0 என்றே போகும்.

தானாக எண்ணும் கருவியும் எப்போதாவது தவறும். ஆடிக்கொண்டிருக்கும் பின்னை விழுந்ததாக எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அடுத்த பந்தைப் போடாமல் அரங்க ஊழியரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு பந்தின் எண் மாறினால் அது முந்தைய இரண்டு ஃப்ரேம்கள்வரை மாற்றத்தைக் கொண்டுபோகலாம். ஆட்டம் நகர்ந்துவிட்டால் எங்கே தவறு என்று கண்டுபிடிப்பதே சிரமம்.

## 11. வேறொரு முறையும் இருக்கிறது

சில சர்வதேசப் போட்டிகளின் ஒளிபரப்பைப் பார்த்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு ஃப்ரேமும் முடிந்த உடனே புள்ளி ஏறிவிடும். ஸ்ட்ரைக் என்றால் நேராக 30. ஸ்பேர் என்றால் 10-ஓடு அதே ஃப்ரேமின் முதல் பந்தில் விழுந்த பின்கள். ஓபன் என்றால் விழுந்தவை மட்டும். அடுத்த பந்துக்குக் காத்திருப்பதும் இல்லை, பத்தாவதில் கூடுதல் பந்தும் இல்லை. பத்து ஸ்ட்ரைக் அடித்தாலே 300.

நம் ஆட்டத்தை அப்படிப் போட்டால் 9, 18, 30, 30, 9, 19, 10, 30, 19, 30 என்று வந்து 204 ஆகும். அதே பந்துகள்தான், பத்தாவதின் கடைசி இரண்டு மட்டும் இல்லை. பழைய முறையில் 173. அதனால் ஒரு ஸ்கோரைப் பார்த்து ஒப்பிடும் முன் எந்த முறையில் போட்டது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் போகும் அரங்கின் திரையில் ஸ்ட்ரைக் அடித்த ஃப்ரேம் காலியாக நின்றால், அங்கே நடப்பது நாம் பார்த்த பழைய முறை.